ரூபாய் விழுந்தாலும் ரொறன்ரோவில் விலை இறங்காதது ஏன்?

கொடிகாமத்தில் இருந்து ஒடியல் மா பைக்கற்றுகளை ரொறன்ரோவிலும் லண்டனிலும் உள்ள தமிழ்க் கடைகளுக்கு அனுப்பும் ஒரு வியாபாரியைக் கற்பனை செய்துகொள்வோம். 2022 மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி ரூபாயைத் தளரவிட்டது. அதுவரை 200 ரூபாயை ஒட்டி நின்ற அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. ரூபாய் மலிந்தால் எங்கள் பொருள் வெளிநாட்டில் மலியும், விற்பனை பெருகும் என்பது வழமையான கணக்கு. ஆனால் ரொறன்ரோக் கடையில் ஒடியல் மாவின் விலை அசையவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்த மாற்றம் எங்கே போனது?

எண்களோடு பார்ப்போம். இவை விளக்கத்துக்கான எண்கள். பைக்கற்றை வியாபாரி 2 அமெரிக்க டொலருக்கு விற்கிறார். டொலர் 200 ரூபாயாக இருந்தபோது கையில் வந்தது 400 ரூபாய். செலவு 320, இலாபம் 80. டொலர் 360 ஆனதும் அதே 2 டொலருக்கு 720 ரூபாய் வந்தது. எரிபொருளும் பொதியிடும் உறைகளும் ஏறிச் செலவு 520 ஆனாலும் இலாபம் 200. செலவில் கால்வாசி இலாபம் என்ற பழைய வீதத்திலேயே நின்றிருந்தால் 650 ரூபாய், அதாவது சுமார் 1.80 டொலர் போதும். அவர் 20 சதத்தைக் குறைக்கவில்லை.

2023 ஜூனில் டொலர் 300 ரூபாயை ஒட்டி இறங்கியது. இப்போது வருமானம் 600, செலவு 540, இலாபம் 60. பழைய வீதத்தைக் காக்க 2.25 டொலர் கேட்க வேண்டும். அதையும் அவர் கேட்கவில்லை. நாணய மாற்றத்தின் ஏற்ற இறக்கத்தை இலாபமே தாங்கிக்கொண்டு, வெளிநாட்டு விலையை அசையாமல் வைத்திருக்கும் இந்த முறையைப் பொருளியலில் சந்தைக்கேற்ற விலையிடல் என்பார்கள். 1980களின் முதற்பாதியில் டொலர் ஏறி மார்க் இறங்கியபோதும் ஜேர்மன் கார்களின் அமெரிக்க விலை அதற்கேற்ப இறங்கவில்லை. சில அமெரிக்கர்கள் ஜேர்மனியிலேயே காரை வாங்கி ஊருக்குக் கொண்டுவந்தார்கள். இதை ஆராய்ந்து போல் க்ருக்மன் 1986இல் எழுதிய கட்டுரையே இந்தப் பெயரைப் பரப்பியது.

வியாபாரி விலையைக் குறைக்காததற்குக் காரணம் பேராசை மட்டுமல்ல. அவர் 2 டொலருக்குக் கொடுக்கும் பைக்கற் கடைத் தட்டில் அமெரிக்கக் கணக்கில் 5 டொலர் என்றால், மிகுதி 3 டொலரும் கப்பல் கூலி, களஞ்சியம், கடை வாடகை, கடைக்காரரின் பங்கு. வியாபாரி 20 சதம் குறைத்து, அது முழுதும் வாங்குபவரைச் சேர்ந்தாலும் 5 டொலர் 4.80 ஆகும். நூற்றுக்கு 4 குறைந்ததற்காக எவரும் இரண்டு பைக்கற் வாங்கப்போவதில்லை. குறைத்த விலையை மறுபடி ஏற்றப் போனால் கடைக்காரர் வேறொருவரிடம் வாங்கத் தொடங்கலாம். கஷ்ட காலத்தில் 60 ரூபாய் இலாபத்தோடு பொறுத்துக்கொள்வதும் கடைத் தட்டில் உள்ள இடத்தைக் காப்பதற்குத்தான்.

இலாபம் கூடியது செலவினாலா, சந்தையினாலா என்று எப்படிப் பிரித்தறிவது? மைக்கேல் நெட்டர் 1989இல் வெளியிட்ட ஆய்வில் கையாண்ட வழி எளிது: ஒரே பொருளைப் பல நாடுகளுக்கு அனுப்பும்போது கிடைக்கும் விலையை ஒப்பிடுவது. எங்கள் வியாபாரி லண்டனுக்கு 1.50 பவுணுக்கு விற்பதாகக் கொள்வோம். பவுண் 1.35 டொலராக இருந்தால், டொலர் 360இல் அது சுமார் 729 ரூபாய். ரொறன்ரோவில் கிடைக்கும் 720க்கு அருகில்தான். 2022 செப்டம்பர் 26இல் பவுண் 1.04 டொலருக்கும் கீழே சரிந்தது. 1.04 என்றே கணக்கிட்டாலும் 1.50 பவுணுக்குக் கிடைப்பது சுமார் 560 ரூபாய். ஒரே மா, ஒரே உறை, ஒரே கூலி. ஆகவே 160 ரூபாய் வித்தியாசத்துக்குச் செலவு காரணமாக இருக்க முடியாது. ஆனால் ஓரிரு வாரத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. பழைய ஓடரின் விலை முன்பே எழுதப்பட்டிருக்கும். புதிய ஓடரிலும் பவுண் விலை மாறாதிருந்தால்தான் அது வியாபாரியின் தெரிவு.

எல்லாப் பொருளிலும் இந்தத் தெரிவு இல்லை. கொழும்பு ஏலத்துக்குப் போகும் தேயிலையின் விலையை வாங்குவோரின் போட்டியே தீர்மானிக்கிறது. அங்கே இலாபம் கூடிக் குறைந்தாலும் அது விற்பவர் எடுத்த முடிவல்ல. தனிச் சுவையும் தனி வாடிக்கையாளரும் உள்ள ஒடியல் மா, புழுக்கொடியல் போன்றவற்றில்தான் விலை விற்பவரின் கையில் ஓரளவு இருக்கிறது.

ஆகவே ரூபாய் விழுந்தால் ஏற்றுமதி பெருகும் என்று கேட்கும்போது அளவையும் வருமானத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். எங்கள் உதாரணத்தில் 2022இல் ஒரு பைக்கற்கூட அதிகம் விற்கவில்லை, ஆனால் இலாபம் 80இல் இருந்து 200 ஆனது. வெளியே அதிகம் விற்காததால் ஊரில் கூடுதல் கிழங்கும் தேவைப்படவில்லை. கிழங்கு தருபவருக்கு அந்த 200இல் பங்கு கிடைக்க வேண்டுமானால் அது டொலர் ஏறுவதால் தானாக நடக்காது. கொள்வனவு விலையைப் பேசும்போதுதான் நடக்கும்.