கண்ணாடியில் ஒட்டினால்தான் ஃபாஸ்டேக்

பரனூர் சுங்கச்சாவடியில் ஒரு கார் நிற்கிறது. தடுப்புக் கட்டை எழவில்லை. ஓட்டுநர் டேஷ்போர்டில் கிடந்த ஃபாஸ்டேக்கை எடுத்து, கண்ணாடிக்குப் பின்னால் தூக்கிக் காட்டுகிறார். அப்போதும் கட்டை அசையவில்லை. பின்னால் ஹாரன் சத்தம். கணக்கில் பணம் இருக்கிறது, டேக்கும் செல்லுபடியானதுதான். எந்தச் சாவடியிலும் காணக்கூடிய காட்சி இது.

ஃபாஸ்டேக்குக்குள் பேட்டரி கிடையாது. ஒரு பொடிச் சில்லும், அதைச் சுற்றி மெல்லிய உலோக ஆன்டெனாவும்தான் உண்டு. தடத்தின் மேலே பொருத்திய ரீடர் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ரேடியோ அலையை அனுப்புகிறது. அந்த அலையிலிருந்தே சில்லு தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு, தன் அடையாள எண்ணைத் திருப்பி அனுப்புகிறது. பணம் சில்லில் இல்லை, கணக்கில்தான் இருக்கிறது. எண் வந்ததும் டேக் நடப்பில் இருக்கிறதா, வண்டி எந்த வகை என்பதைப் பார்த்துக் கட்டை திறக்கிறது.

கிடைக்கும் சக்தி மிகக் குறைவு என்பதால்தான் ஒட்டும் இடம் இவ்வளவு முக்கியமாகிறது. கண்ணாடியில் ஒட்டிய நிலையில் நன்றாக வேலை செய்யும்படியே அந்த ஆன்டெனாவை வடிவமைக்கிறார்கள். கையில் பிடித்தால் விரல்களில் உள்ள நீர்ச்சத்து அலையை உறிஞ்சி, ஆன்டெனாவின் இசைவையும் குலைத்துவிடும். டேஷ்போர்டில் படுக்கப் போட்டாலோ டேக் ரீடரைச் சரியாகப் பார்ப்பதில்லை. அடியில் உலோகம் இருந்தால் இன்னும் மோசம்.

சரியான இடம் முன்கண்ணாடியின் உட்புறம், மேல்பகுதி நடுவில், ரியர்வியூ மிரருக்குப் பின்னால். கண்ணாடியைத் துடைத்து, ஈரம் காய்ந்தபின், பின்தாளை உரித்து, மடிப்போ காற்றுக்குமிழோ இல்லாமல் அழுத்தி ஒட்ட வேண்டும். ஒருமுறை ஒட்டியதை உரித்து இடம் மாற்றக் கூடாது, ஆன்டெனா கிழிந்துவிடும். வேறு வண்டிக்கு மாற்ற முடியாதபடி வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

ஒட்டியும் படிக்கவில்லையா? வெயிலைத் தடுக்கும் உலோகப் பூச்சுள்ள கண்ணாடியாக இருக்கலாம். அந்தப் பூச்சு ரேடியோ அலையையும் தடுத்துவிடும். இத்தகைய கார்கள் பலவற்றில் மிரருக்கு அருகே பூச்சில்லாத சிறு பகுதியை விட்டிருப்பார்கள். வண்டியின் கையேட்டில் குறிப்பு இருக்கும். டேக் அங்கேதான் இருக்க வேண்டும்.

எல்லாச் சாவடியிலும் தகராறு என்றால் டேக்கையோ கண்ணாடியையோ சந்தேகிக்கலாம். ஒரே தடத்தில் மட்டும் என்றால் கோளாறு அங்குள்ள ரீடரில் இருக்க வாய்ப்பு அதிகம். நல்ல டேக்கும் போதிய பணமும் இருந்து, சாவடியின் கருவி பழுதால் கட்டணம் எடுக்க முடியாமல் போனால், கட்டணமின்றிக் கடக்க விதி இடம் தருகிறது. அதற்குப் பூஜ்ய ரூபாய் ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

2024 ஜூலையில் தேசிய நெடுஞ்சாலை ஆணையம், டேக்கை வேண்டுமென்றே முன்கண்ணாடியில் ஒட்டாமல் வருபவர்களிடம் இரட்டைக் கட்டணம் வாங்கச் சொன்னது. அடுத்த ஆண்டு, கையில் வைத்துக் காட்டும் டேக்குகளைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்கவும் ஏற்பாடு செய்தது.