பட்டைகள் பின்னிக்கொள்ளும்போது

1898இல் சாங்கி என்ற பொறியாளர் நீராவி எஞ்சினில் ஆற்றல் எங்கே வீணாகிறது என்று காட்ட வரைந்த பாணிப் படம், இன்று சந்தாதாரர்களின் நகர்வையும் காட்டுகிறது. இடப்பக்கம் ஜனவரி, வலப்பக்கம் பிப்ரவரி; இரண்டிலும் இலவசம், அடிப்படை, பிரீமியம், விலகியோர் என நாலு கட்டங்கள். நடுவே ஓடும் பட்டையின் அகலமே ஆட்களின் எண்ணிக்கை.

இரண்டு மாதத்துக்கு அதிகபட்சம் 16 பட்டைகள், கண் தாங்கும். ஆறு மாதங்களை அடுக்கினால் 80, சிக்குண்ட நூல்தான். அதைவிட மோசம், 1,000 பேரில் 900 பேர் இருந்த இடத்திலேயே இருப்பது. அந்தத் தடித்த பட்டைகளுக்கிடையே, பிரீமியத்திலிருந்து இறங்கிய 12 பேர் கண்ணுக்கே படமாட்டார்கள். நிர்வாகம் தேடுவதோ அவர்களைத்தான். மேலும், ஒவ்வொரு கட்டத்திலும் எல்லாரும் கலந்துவிடுவதால், பிப்ரவரியில் பிரீமியத்துக்கு ஏறியவரே மார்ச்சில் விலகினாரா என்பது படத்தில் தெரியாது.

தங்கியவர்களை எண்ணாக ஓரத்தில் குறித்துவிட்டு, நகர்ந்தவர்களை மட்டும் வரையுங்கள். அப்போதும் குழப்பமென்றால் நாலுக்கு நாலு அட்டவணையே போதும்.