வேகமாக மூச்சு வாங்கினால் உதடு ஏன் மரத்துப்போகிறது?

அவசர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணி பார்க்கும் மருத்துவர்களுக்கு மிகவும் பழக்கமான காட்சி இது. 21 வயதுக் கல்லூரி மாணவி. காலையில் செய்முறைத் தேர்வு. இரவு பதினொரு மணிக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்தவளுக்குத் திடீரென்று நெஞ்சு படபடத்தது. மூச்சு போதவில்லை என்று தோன்றியது. இன்னும் இழுத்தாள், இன்னும் போதவில்லை. பத்து நிமிடத்தில், "வாயைச் சுத்தி மதமதன்னு இருக்கும்மா, விரல் நுனியெல்லாம் எறும்பு ஊருது" என்று அழத் தொடங்கினாள். பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து, "நல்லா மூச்சை இழுத்து இழுத்து விடு கண்ணு" என்றார். அவளும் அப்படியே செய்தாள். அதன் பிறகு கை விரல்கள் விறைத்து, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டது. வலிப்பு என்று நினைத்த யாரோ கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள்.

வந்தபோது நிமிடத்துக்கு 32 முறை மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 100 சதவீதம் காட்டியது. மணிக்கட்டுத் தமனியில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் வரக்கூடிய எண்கள்தான் வந்தன: கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 22 (இயல்பாக 35 முதல் 45 வரை இருக்கும்), இரத்தத்தின் பி.எச். 7.54 (இயல்பாக 7.35 முதல் 7.45 வரை). மொத்த கால்சியம் 9.4 மில்லிகிராம், அதாவது ஒரு குறையும் இல்லை.

இந்தக் கடைசி எண்ணில்தான் புதிர் இருக்கிறது. உதட்டைச் சுற்றி மதமதப்பு, விரல் நுனியில் ஊறல், கை இறுகுவது ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் மருத்துவப் புத்தகம் முதலில் கேட்கச் சொல்வது கால்சியம் குறைவா என்பதைத்தான். தைராய்டு அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்களில் சிலருக்குப் பக்கத்திலிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் பாதிக்கப்பட்டு கால்சியம் இறங்கும்போது இதே அறிகுறிகள் இதே இடங்களில் வரும். இந்தப் பெண்ணுக்கோ கால்சியம் சரியாக இருக்கிறது. அப்படியானால் நரம்பு ஏன் அது குறைந்ததுபோல நடந்துகொள்கிறது?

விடையை மூச்சிலிருந்து தொடங்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் உடல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 மில்லிலிட்டர் கார்பன் டை ஆக்சைடை உற்பத்தி செய்கிறது. நுரையீரல் அதே அளவை வெளியேற்றி, இரத்தத்தில் அதன் அழுத்தத்தை 40க்குப் பக்கத்தில் வைத்திருக்கிறது. ஓடும்போது வேகமாக மூச்சு வாங்கினால் தவறில்லை, தசைகளும் கூடுதலாக வாயுவை உண்டாக்குகின்றன. பயத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடி வேகமாக வாங்கும் மூச்சுக்கு அப்படிப்பட்ட ஈடு இல்லை. நுரையீரலின் காற்றறைகளுக்குப் போய்வரும் காற்று இரண்டு மடங்கானால், இரத்தத்திலுள்ள கார்பன் டை ஆக்சைடு பாதியாகிவிடும். இதற்குச் சில நிமிடங்களே போதும்.

ஆக்சிஜன் கூடுமா என்றால், கூட இடமே இல்லை. நல்ல நுரையீரல் உள்ளவருக்குச் சாதாரண மூச்சிலேயே இரத்தம் 97, 98 சதவீதம் நிறைந்துதான் இருக்கிறது. அந்தப் பெண் போதவில்லை என்று நினைத்து இழுத்த ஒவ்வொரு மூச்சும் அவளுக்குத் தேவையில்லாத ஆக்சிஜனைத் தந்து, தேவையான கார்பன் டை ஆக்சைடைப் பறித்துக்கொண்டு போனது.

கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கரைந்தால் அமிலம். அது வெளியேறினால் இரத்தம் காரத்தன்மை பக்கம் சாய்கிறது, அதாவது இரத்தத்தில் ஹைட்ரஜன் அயனிகள் குறைகின்றன. கால்சியத்தின் கதை இங்கேதான் சேர்கிறது. இரத்தத்தில் உள்ள கால்சியத்தில் கிட்டத்தட்ட பாதிதான் தனியாகத் திரிகிறது. மீதியில் பெரும்பகுதி ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். நரம்புக்குப் பயன்படுவது தனியாகத் திரியும் பாதி மட்டும். ஆல்புமினை ஒரு பேருந்து என்று வைத்துக்கொண்டால், அதன் இருக்கைகளுக்கு ஹைட்ரஜனும் கால்சியமும் போட்டி போடுகின்றன. ஹைட்ரஜன் இறங்கிவிட்டால் காலியான இருக்கைகளில் கால்சியம் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வெளியே திரிவது குறையும். ஆனால் வழக்கமான இரத்தப் பரிசோதனை உட்கார்ந்திருப்பதையும் வெளியே நிற்பதையும் சேர்த்தே எண்ணுகிறது. அதனால்தான் 9.4 என்ற எண் அசையாமல் நின்றது.

தனிக் கால்சியம் நரம்புக்கு வெளியே இருந்துகொண்டு அதை அடக்கி வைக்கிறது. நரம்பின் சவ்வில் சோடியம் நுழையும் சின்னஞ்சிறு வழிகள் உண்டு. அவை திறந்தால் நரம்பு சமிக்ஞை அனுப்பும். வெளியே கால்சியம் போதிய அளவு இருக்கும்வரை அவை எளிதில் திறப்பதில்லை. குறைந்தால் சிறு தூண்டுதலுக்கே திறக்கின்றன, சில சமயம் தூண்டுதலே இல்லாமலும் திறக்கின்றன. தொடு உணர்வு நரம்புகள் இப்படித் தானாகச் சமிக்ஞை அனுப்பினால், யாரும் தொடாமலே தோலில் ஏதோ ஊர்வதாக மூளை புரிந்துகொள்கிறது. தசைக்குப் போகும் நரம்புகளும் சேர்ந்துகொண்டால் கை இறுகுகிறது. மணிக்கட்டு மடங்கி, விரல்கள் நேராக ஒன்றுசேர்ந்து, கட்டைவிரல் உள்ளே போகும் அந்த நிலையை 19ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு மருத்துவர் அர்மான் த்ரூசோவின் பெயரோடு மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். 1920இல் அமெரிக்காவில் கிராண்ட், கோல்ட்மேன் என்ற இருவர், வேண்டுமென்றே வேகமாக மூச்சு விடுவதாலேயே இந்த இறுக்கம் வரும் என்பதைப் பரிசோதனையாகச் செய்து காட்டி வெளியிட்டார்கள்.

பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இதோடு முடித்துக்கொள்கின்றன. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஓர் இடைவெளி தெரியும். பி.எச். 0.1 கூடினால் தனிக் கால்சியம் லிட்டருக்கு 0.05 மில்லிமோல் அளவுதான் குறைகிறது. நம் மாணவிக்கு அது 1.20லிருந்து 1.13க்கு இறங்கியிருக்கும். அது இயல்பின் எல்லைக்குள்ளேயே இருக்கும் அளவு. இவ்வளவு சிறிய சரிவு மட்டும் உதட்டை மரக்கச் செய்துவிடாது. ஆஸ்திரேலியாவின் மேஸ்ஃபீல்டும் பர்க்கும் 1991இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு முக்கியமான வெளிச்சம் தருகிறது. ஆரோக்கியமானவர்களை வேகமாக மூச்சுவிடச் சொல்லி, நரம்புகளின் நடத்தையை அவர்கள் நேரடியாகப் பதிவுசெய்தார்கள். கார்பன் டை ஆக்சைடு சுமார் 20 புள்ளிகள் இறங்கியபோது ஊறல் வந்தது, இன்னும் சற்று இறங்கியதும் தசை இறுகியது. நரம்பிழைகளே எளிதில் தூண்டப்படும் நிலைக்கு வந்துவிட்டன என்பதை அந்தப் பதிவுகள் காட்டின. காரத்தன்மை சோடியம் வழிகளையும் நேரடியாகத் தளர்த்துகிறது, கால்சியக் குறைவு அதோடு சேர்கிறது என்று கொள்வதே இந்தக் கணக்குக்குப் பொருந்துகிறது.

உதடும் விரலும் ஏன் முந்திக்கொள்கின்றன? உடலிலேயே தொடு உணர்வு நரம்புகள் மிக நெருக்கமாக இருக்கும் இடங்கள் அவை. மூளையிலும் முதுகு முழுவதற்கும் ஒதுக்கியதைவிட அதிக இடம் உதட்டுக்கும் விரல் நுனிக்கும் உண்டு. நரம்புகள் ஒரே மாதிரி சிலிர்த்தாலும் அங்கேதான் முதலில் தெரியும். கூடவே வரும் தலைசுற்றலுக்குக் காரணம் வேறு: கார்பன் டை ஆக்சைடு குறைந்தால் மூளையின் இரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன.

இப்போது அந்த அக்காவின் அறிவுரையைப் பாருங்கள். அன்பால் சொன்னதுதான். ஆனால் ஆழமாக இழுக்கச் சொன்னது வேலையை இன்னும் கெடுத்துவிட்டது. பணியிலிருந்த மருத்துவர் வேறு மாதிரி சொன்னார்: "வாயை மூடிக்கோம்மா, மூக்கு வழியா கொஞ்சமா இழு. விடறதை மட்டும் நிதானமா விடு." நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விட்டால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு. வயிறு மெல்ல எழும்பினால் போதும், மார்பை நிரப்ப வேண்டாம். உடல் தன் வேலையாகக் கார்பன் டை ஆக்சைடை உண்டாக்கிக்கொண்டே இருப்பதால், வெளியேற்றம் குறைந்ததும் அளவு தானாக ஏறிவிடும். இருபது நிமிடத்தில் அவள் விரல்கள் விரிந்தன. கால்சியம் ஊசியோ மாத்திரையோ இதற்குத் தேவையே இல்லை. சிலர் டிரிப்ஸ் ஏற்றியதால் சரியானது என்று நம்புகிறார்கள். அந்த அரை மணி நேரம் படுத்து மூச்சு நிதானமானதுதான் வேலை செய்தது.

திரைப்படங்களில் காகிதப் பையை மூக்கில் வைத்து மூச்சுவிடச் சொல்வதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அதை வீட்டில் செய்யவே கூடாது. மூச்சு வாங்கியவருக்கு உண்மையில் மாரடைப்போ நுரையீரல் கோளாறோ இருந்து, பதற்றம் என்று தவறாக எண்ணிப் பையைக் கொடுத்ததில் இறந்த நோயாளிகளைப் பற்றி மைக்கேல் காலஹாம் என்ற அமெரிக்க மருத்துவர் 1989இல் எழுதினார். பைக்குள் ஆக்சிஜன் வேகமாகக் குறைகிறது என்பதையும் அவர் அளந்து காட்டினார்.

வேகமான மூச்சே எல்லாவற்றுக்கும் மூலம் என்றும் சொல்லிவிட முடியாது. நெதர்லாந்தில் நடந்து 1996இல் லான்செட் இதழில் வந்த ஓர் ஆய்வில், நோயாளிகளை வேகமாக மூச்சுவிட வைத்தார்கள். இன்னொரு முறை அதையே செய்யவைத்து, கார்பன் டை ஆக்சைடு குறையாதபடி பார்த்துக்கொண்டார்கள். முதல் முறை "இதே அறிகுறிதான்" என்றவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் இரண்டாம் முறையும் அதையே சொன்னார்கள். பயமும் உடலைக் கவனிக்கும் பழக்கமும் தம் பங்குக்கு அறிகுறிகளை உண்டாக்குகின்றன என்பதற்கு அது நல்ல சான்று. ஆகவே மூச்சுப் பயிற்சி அந்த நேரத்துக்கு உதவும், பதற்றத்துக்குத் தனியாக வைத்தியம் வேண்டும்.

முதல் முறை வரும்போது இது பதற்றம்தான் என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் மரத்தாலோ வலுவிழந்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். நெஞ்சு வலி, ஆக்சிமீட்டரில் குறைந்த அளவு, காய்ச்சல், நீரிழிவுக்காரர் ஆழமாக மூச்சு வாங்குவது ஆகிய எல்லாமே உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காரணங்கள், 108ஐ அழைக்கலாம். இவை எதுவுமில்லை என்று மருத்துவர் உறுதிசெய்த பிறகும் பதற்றத் தாக்குதல்கள் திரும்பத் திரும்ப வந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். பேச்சு வழிச் சிகிச்சையும் மருந்தும் இதற்கு நன்றாகவே பலன் தருகின்றன. இந்திய அரசின் டெலி மானஸ் உதவி எண்ணான 14416இல் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.