எருமையும் காபியும்

"எருமை, எந்திரிடா! காபி ஆறுது." தம்பியை எழுப்பும் அக்காவின் இந்தக் குரலைக் கேட்டால், வீட்டுக்கு வந்த விருந்தாளி முகம் சுளிக்கலாம். அவர் காதில் விழுவது எருமை. தம்பியின் காதில் விழுவது காபி. குரங்கு, பிசாசு, லூசு, தடியா என்று நம் வீடுகளில் புழங்கும் சொற்களைத் தனியே எடுத்தால் எல்லாமே வசவுதான். ஆனால் அவை தனியே வருவதில்லை. 'சாப்பிட்டியா', 'போய்ச் சேர்ந்தியா', 'தலையைத் துவட்டு' என்ற அக்கறையோடு ஒட்டிக்கொண்டே வருகின்றன. அதே அக்காவுக்கு நிஜமாகவே கோபம் வந்தால் எருமை காணாமல் போய், தம்பியின் முழுப்பெயர் வெளியே வரும். கணவன் மனைவிக்குள்ளும் அப்படித்தான். 'லூசு' நின்றுபோய், "நீங்க சொன்னா சரிதாங்க" என்ற மரியாதை தொடங்கும்போதுதான் வீட்டில் புயல் மையம் கொண்டிருக்கிறது என்று பொருள்.

மானிடவியலாளர் ராட்கிளிஃப் பிரௌன் 1940-இல் எழுதிய கட்டுரையில் இப்படிப்பட்ட கேலி உறவுகளை ஆராய்ந்தார். ஒருவர் சீண்டலாம், மற்றவர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று வழக்கமே விதிக்கிற உறவுகள் அவை. திருமணத்தால் நெருங்கியும் குடும்பத்தால் விலகியும் நிற்பவர்களுக்கிடையே பகை மூளாமல் கேலி காக்கிறது என்பது அவர் விளக்கம். நம் மச்சான், கொழுந்தியா கேலிக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்கு இது போதாது. அங்கே வேறொரு பழக்கமும் சேர்ந்திருப்பதாக நினைக்கிறேன். பிள்ளைகள் தங்காத வீட்டில், பிறந்த குழந்தையைக் குப்பையில் கிடத்தி எடுத்து, குப்பன், குப்பாயி என்று பெயர் வைத்தார்கள். பிச்சை என்றும் வைத்தார்கள். அருமையான பிள்ளை என்று வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும் என்ற பயம். முகத்துக்கு நேரே கொஞ்சக் கூசுகிற வீட்டில், பாசம் வசவின் வழியாகத்தான் வர முடிந்திருக்கிறது.

'இப்படிச் சொல்லிச் சொல்லியே எத்தனை பேரைக் காயப்படுத்தியிருக்கிறார்கள்!' என்ற ஆதங்கம் நியாயமானது. கருப்பி, குண்டம்மா போன்ற பெயர்கள் எருமையைப் போன்றவை அல்ல. தம்பி எருமை இல்லை என்பது இருவருக்கும் தெரியும். நிறமும் உடம்பும் ஊரே குத்திக்காட்டுகிறவை. வீட்டில் அதையே கேட்பவளுக்கு வீடும் ஊரும் ஒன்றாகிவிடும். தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற அந்த விதியே இங்கே வாயை அடைக்கிறது. "விளையாட்டுக்குத்தானே சொன்னேன்" என்பது அதன் தமிழ் வடிவம். அதனால் பெயர் திரும்பி வர முடிகிறதா என்று பார்க்க வேண்டும். அக்கா 'எருமை' என்றால் தம்பி 'பிசாசு' என்கிறான், கணக்கு நேர். கணவன் 'டி' போட்டுக் கூப்பிட, மனைவி 'டா' சொன்னால் மாமியார் முகம் மாறுகிற வீடுகள் இன்னும் நிறைய உண்டு. அங்கே ஒரு நாள் அவள், "குண்டம்மான்னு கூப்பிடாதீங்க, கஷ்டமா இருக்கு" என்று சொல்லிப் பார்க்கட்டும். மறுநாள் காலையிலும் அதே பெயர் சமையலறைக்குள் வந்தால், அதில் பாசம் இருப்பதாக அவளிடம் யாரும் வாதாட முடியாது.