கடிக்கும் குழந்தை: கடிப்பதற்குச் சற்று முன்பு என்ன நடந்தது?

மழலையர் பள்ளியிலிருந்து திரும்பிய குழந்தையின் கையில் பல் தடத்தைக் காணும் பெற்றோர் பதறுவது இயல்பு. கடித்த குழந்தையின் பெற்றோரோ, தம் வளர்ப்பில்தான் குறை என்று எண்ணி வருந்துகின்றனர். இவ்விரு சாராருக்கும் நாங்கள் முதலில் கூற விரும்புவது ஒன்றே: ஒரு வயது முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகள் கடிப்பது பரவலாகக் காணப்படும் ஒன்று. அது தீய குணமும் அன்று, வளர்ப்பின் குறையும் அன்று. சினம், பசி, களைப்பு, நெரிசல் ஆகியவற்றைச் சொல்லச் சொற்கள் போதாதபோது குழந்தையின் வாய் முந்திக்கொள்கிறது. ஆகவே, 'ஏன் கடித்தாய்?' என்று குழந்தையைக் கேட்பதில் பயனில்லை. கடிப்பதற்குச் சற்று முன்பு என்ன நடந்தது என்பதைப் பெரியவர்களே கண்டறிய வேண்டும்.

அதற்கு ஒரு சிறு குறிப்பேடு போதும். ஒவ்வொரு முறையும் நேரம், இடம், அருகில் இருந்தவர்கள், அதற்கு முன் நிகழ்ந்தது, பின் நிகழ்ந்தது ஆகிய ஐந்தையும் ஆசிரியரும் பெற்றோரும் இரு வாரங்கள் எழுதி வரட்டும்.

எடுத்துக்காட்டாக, இரண்டரை வயதுக் குழந்தை ஒன்று ஒரு வாரத்தில் ஐந்து முறை கடித்ததாகக் கொள்வோம். குறிப்பேட்டைப் பார்த்தால், அவற்றுள் நான்கு முற்பகல் 11.30 மணிக்கும் 12 மணிக்கும் இடையே, உணவுக்கு முன் கை கழுவ வரிசையில் நின்றபோது நிகழ்ந்துள்ளன. ஐந்தாவது, விளையாட்டு வண்டியை மற்றொரு குழந்தை பறித்தபோது நிகழ்ந்தது. பசியும் நெரிசலும் ஒருங்கே வரும் வேளை அது என்பது இப்போது புலனாகிறது. எனவே 11 மணிக்கு ஒரு துண்டு வாழைப்பழம் கொடுக்கலாம். குழந்தைகளை இருவர் இருவராகக் கை கழுவ அனுப்பலாம். அந்த அரை மணி நேரம் ஆசிரியர் ஒருவர் அக்குழந்தையின் அருகிலேயே நிற்கலாம். அதே வண்டியில் இன்னொன்றும் வாங்கி வைக்கலாம். கையை நீட்டி 'வேண்டாம்', 'தள்ளிப் போ' என்று சொல்லவும் வீட்டில் விளையாட்டாகப் பழக்கலாம். கடிப்பது மறுநாளே நின்றுவிடாது. ஐந்து முறை என்பது மூன்றாகவும் ஒன்றாகவும் குறைவதே முன்னேற்றத்தின் அடையாளம்.

குழந்தை கடித்துவிட்டால், முதலில் கடிபட்ட குழந்தையைக் கவனியுங்கள். அந்த இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, குளிர்ந்த ஈரத்துணியை வையுங்கள். தோல் கிழியாமல் தடம் மட்டும் இருந்தால் இதுவே பெரும்பாலும் போதும். தோல் கிழிந்து இரத்தம் வந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்; தடுப்பூசி அட்டையையும் எடுத்து வாருங்கள். பின்வரும் நாள்களில் சிவப்பு பரவினாலோ, வீக்கம், சீழ், காய்ச்சல் தோன்றினாலோ காத்திருக்க வேண்டாம்.

பின்னர், கடித்த குழந்தையின் உயரத்திற்குக் குனிந்து, 'கடிக்கக் கூடாது. கடித்தால் வலிக்கும்' என்று அமைதியாகச் சொன்னால் போதும். நீண்ட அறிவுரை அந்த வயதில் மனத்தில் பதியாது. திருப்பிக் கடித்துக் காட்டுவதும், அடிப்பதும், வாயில் மிளகாய் தேய்ப்பதும் அச்சத்தையும் புண்ணையும் தருமேயன்றி, மாற்று வழியைக் கற்பிப்பதில்லை. 'கடிக்கிற பிள்ளை' என்று பெயர் சூட்டுவதையும் தவிருங்கள். கடித்த குழந்தை யார் என்பதைப் பள்ளி வெளியிடாதிருப்பது மறைப்பதற்காக அன்று. நாளை உங்கள் குழந்தைக்கும் அதே பாதுகாப்பு வேண்டும் என்பதற்காகவே.

சில வேளைகளில் கடிப்பது வேறொரு தேவையைச் சுட்டலாம். இரண்டு வயது நிறைந்தும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தைக்கும், அழைத்தால் திரும்பிப் பார்க்காத குழந்தைக்கும் செவித்திறன் பரிசோதனையும் பேச்சு வளர்ச்சி மதிப்பீடும் தேவை. மூன்றரை வயதுக்குப் பின்னும் அடிக்கடி கடித்தாலோ, தன்னையே கடித்துக்கொண்டாலோ, மாற்றங்கள் செய்தும் சில வாரங்களில் குறையாவிட்டாலோ, குழந்தைகள் நல மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். வரும்போது அந்தக் குறிப்பேட்டையும் கொண்டு வாருங்கள். பரிசோதனை அறையில் குழந்தை கடிப்பதை நாங்கள் காண்பது அரிது. பள்ளியிலும் வீட்டிலும் நிகழ்ந்ததை எங்களுக்குக் காட்டக்கூடியது அந்தக் குறிப்பேடுதான்.