காலை வாரும் டிகாக்ஷன்

அதே கடைத் தூள், அதே பில்டர், போடுகிற கையும் அதேதான். ஆனாலும் ஒரு நாள் கள்ளிச்சொட்டாக இறங்கும் டிகாக்ஷன், மறுநாள் பாலில் எவ்வளவு ஊற்றினாலும் நிறம் ஏறாமல் நீர்த்துக் கிடக்கிறது. இன்னொரு நாள் சர்க்கரையையும் மீறிக் கசக்கிறது. பழி பெரும்பாலும் கடைக்காரர் மீதோ பால்காரர் மீதோ விழும். ஆனால், தூளும் தண்ணீரும் பில்டருக்குள் எவ்வளவு நேரம், எவ்வளவு சூட்டில் சேர்ந்திருந்தன என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. நேரத்தை முடிவு செய்வது அரைத்த பக்குவம். அந்த நேரத்துக்குள் தூளிலிருந்து என்ன இறங்கும் என்பதை முடிவு செய்வது தண்ணீரின் சூடு.

காபித்தூளில் இருப்பதெல்லாம் ஒரே வேகத்தில் கரைவதில்லை. தண்ணீர் பட்டவுடன் முந்திக்கொண்டு வருவது புளிப்புச் சுவை தரும் அமிலங்களும் காஃபினும். அடுத்து வருபவை இனிப்பையும் நிறைவையும் தருபவை. வறுக்கும்போது உண்டான கசப்பும் துவர்ப்பும் தாமதமாகத்தான் மிகுதியாக இறங்கும். கரைவது பாதியில் நின்றுவிட்டால் டிகாக்ஷன் மெலிந்து, லேசான புளிப்போடு இருக்கும். எல்லை தாண்டினால் கசக்கும்.

இப்போது அரைப்புக்கு வருவோம். ஒரு துகளை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் பாதியாக வெட்டினால் 8 சிறு துகள்கள் கிடைக்கும். தூளின் எடை மாறவில்லை. ஆனால் தண்ணீர் படும் மேற்பரப்பு இரண்டு மடங்காகிவிடும். அதே சமயம் துகள்களுக்கு நடுவே உள்ள சந்துகளும் பாதியாகச் சுருங்கும். தண்ணீர் இறங்கும் வேகம் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறையும். அதாவது, நைசாக அரைத்தால் சத்து வேகமாகவும் இறங்கும், அதற்கு அவகாசமும் கூடும். அரைப்பில் ஒரு சின்ன மாற்றம் செய்தாலே சுவை பெரிதாக மாறுவதற்குக் காரணம் இந்த இரட்டை விளைவுதான்.

பில்டருக்கான தூளை விரலிடையில் தேய்த்துப் பார்த்தால் கோதுமை மாவைவிடக் கொரகொரப்பாகவும், உப்புமா ரவையைவிட மென்மையாகவும் இருக்க வேண்டும். வீட்டு மிக்சியில் அரைத்தால் இந்த ஒரே சீரான பக்குவம் கிடைப்பது கடினம். பாதி மாவாகவும் பாதி குருணையாகவும் நிற்கும். மாவு கசப்பை இறக்கும். குருணை தன் சத்தைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். மெலிவும் கசப்பும் ஒரே டம்ளரில் சேர்ந்து வருவது பெரும்பாலும் இப்படித்தான்.

அடுத்தது சூடு. கொதிக்கும் தண்ணீரை ஊற்றினால் தூள் கருகிவிடும் என்று பயந்து, வெதுவெதுப்புக்குச் சற்று மேலான சூட்டில் ஊற்றுபவர்கள் உண்டு. கொட்டை ஏற்கெனவே 200 டிகிரிக்கு மேல் வறுபட்டது. தண்ணீரால் அதைக் கருக்க முடியாது. பில்டரில் அடிக்கடி நேர்வது சூடு கூடிப்போவது அல்ல, குறைந்துபோவதுதான். 96 டிகிரியில் 200 மில்லி தண்ணீரை 40 கிராம் தூள் உள்ள குளிர்ந்த பில்டரில் ஊற்றினால், பாத்திரமும் தூளும் சூட்டை இழுத்துக்கொண்டு, முதல் நிமிடத்திலேயே தண்ணீர் 85 முதல் 88 டிகிரிக்கு இறங்கிவிடும். 80 டிகிரியில் ஊற்றினால் அது 70 சொச்சத்தில்தான் வேலையைத் தொடங்கும். சூடு குறைந்த தண்ணீர் கரைக்கும் சக்தியில் மட்டுமல்ல, ஓட்டத்திலும் சோம்பல். சந்துகளில் மெதுவாகத்தான் நுழைந்து இறங்கும். உதகமண்டலம் போன்ற இடங்களில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே கொதி வந்ததும் ஊற்ற வேண்டும், ஆறவிடக் கூடாது. சமவெளியில் அடுப்பை அணைத்து அரை நிமிடம் பொறுத்தால் போதும்.

நான்கு பேருக்கு ஒரு கணக்கு பார்ப்போம். முதலில் பில்டரின் மேல் பாத்திரத்தில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கி, கொட்டிவிட்டுத் துடைத்துக்கொள்ளுங்கள். 40 கிராம் தூளைப் போட்டு லேசாகத் தட்டிச் சமன்படுத்தி, குடையை மேலே வையுங்கள். அழுத்த வேண்டாம், அழுத்தினால் நைசாக அரைத்ததன் பலன்தான் வரும். தூள் நனையும் அளவுக்கு வெந்நீரைச் சுற்றி ஊற்றி, அரை நிமிடம் கழித்து மீதியையும் ஊற்றுங்கள். மொத்தம் 200 மில்லி. தூள் தன் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் கீழே ஏறக்குறைய 120 மில்லிதான் இறங்கும். தலைக்கு 30 மில்லி டிகாக்ஷன், அதன்மேல் 90 முதல் 100 மில்லி பால்.

இனி கடிகாரத்தைப் பாருங்கள். டிகாக்ஷன் 10 முதல் 20 நிமிடத்தில் இறங்கி முடிந்தால் அரைப்பு சரி. ஐந்தே நிமிடத்தில் மடமடவென்று இறங்கினால் தூள் பெருவெட்டு, டிகாக்ஷன் மெலிந்திருக்கும். முக்கால் மணி நேரம் ஆகியும் மேலே தண்ணீர் நின்றால் தூள் மிக நைசு, அல்லது அழுத்தம் அதிகம், கசப்பு வரும். நேரம் சரியாக இருந்தும் சுவை மெலிந்திருந்தால் தண்ணீரின் சூட்டையும் தூளின் அளவையும் சந்தேகியுங்கள்.

சில சமயம் அரைப்பின் மீது குற்றமே இருக்காது. மேல் பாத்திரம் கீழ்ப் பாத்திரத்தோடு இறுகப் பொருந்திவிட்டால் உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியின்றிச் சொட்டு நின்றுவிடும். மேல் பாத்திரத்தைச் சற்றுத் தூக்கி வைத்தால் மறுபடி இறங்கும். துளைகளில் பழைய தூள் அடைத்திருந்தாலும் இதே கதைதான். காலிப் பாத்திரத்தின் அடியைத் தீயில் சற்றுக் காட்டி, ஆறியபின் தேய்த்துக் கழுவுவது நம் வீடுகளில் பழகிய வழி.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். சிக்கரி தண்ணீரில் சுலபமாகக் கரைந்து டிகாக்ஷனைக் கருப்பாகவும் கெட்டியாகவும் காட்டும். தனக்கென்று ஒரு கசப்பும் அதற்கு உண்டு. பாக்கெட்டில் 60:40 என்றிருக்கும் தூளை எப்படி வடித்தாலும் 80:20 தூளின் சுவை வராது. அதேபோல, நல்ல டிகாக்ஷனை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் மணம் பறந்து கசப்பு மேலோங்கும். பாலைக் கொதிக்க வைத்து, டிகாக்ஷனை அப்படியே அதில் சேர்ப்பதே முறை. இரண்டாம் டிகாக்ஷனில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் கசப்பும் துவர்ப்பும்தான். அதை முதலாவதோடு கொஞ்சமாகக் கலக்கலாம், தனியாகக் காபி போட உதவாது.

டிகாக்ஷன் சரியில்லை என்றால் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். முதல் நாள் தண்ணீரின் சூட்டைச் சரிசெய்யுங்கள், அதற்குச் செலவில்லை. அதிலும் தேறவில்லை என்றால், அடுத்த முறை தூள் வாங்கும்போது எத்தனை நிமிடத்தில் இறங்குகிறது என்பதைக் கடைக்காரரிடம் சொல்லி, அரைப்பை ஒரு படி மாற்றிக் கேளுங்கள். ‘ஸ்ட்ராங்கா வேணும்’ என்று மட்டும் கேட்டால் அவர் சிக்கரியைத்தான் கூட்டுவார்.