ரூட்டர் தானாக அணைந்து எழுந்தால்

மாலையில் வீட்டில் எல்லோரும் சேர்ந்த பிறகுதான் தொல்லை தொடங்கும். டிவியில் படம் ஓடும், இரண்டு மூன்று செல்போன்கள் வைஃபையில் இருக்கும். திடீரென்று ரூட்டரின் விளக்குகள் மொத்தமாக அணைந்து, ஒவ்வொன்றாக மறுபடி எரியும். இணைய நிறுவனத்துக்குப் புகார் போகிறது. வந்து பார்ப்பவர் "லைன் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அவர் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். லைனில் கோளாறு என்றால் இணைய விளக்கு மட்டும் அணையும் அல்லது நிறம் மாறும், பவர் விளக்கு அசையாது. எல்லாம் ஒன்றாக அணைந்தால் ரூட்டருக்கு வரும் மின்சாரத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

சுவரில் செருகிய கறுப்பு அடாப்டருக்குள் மின்னோட்டத்தைச் சீராக்கும் கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. வருடக்கணக்கில் இரவும் பகலும் சூட்டிலேயே கிடப்பதால் அவற்றின் உள்ளே இருக்கும் திரவம் மெல்ல வற்றிவிடும். அதன் பிறகும் ரூட்டர் சும்மா இருக்கும்வரை அடாப்டர் சமாளிக்கும். வைஃபைக்கு வேலை கூடும்போது ரூட்டர் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். அந்த நொடியில் வோல்டேஜ் சரிய, ரூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறது.

மல்டிமீட்டர் வைத்திருப்பவரும் இங்கே ஏமாறுவார். கழற்றிய அடாப்டரின் முனையில் அளந்தால் 12 வோல்ட் கச்சிதமாகக் காட்டும், ஏனென்றால் அப்போது அதன்மேல் சுமையே இல்லை. நொடியின் சிறு பகுதியில் வந்து போகும் சரிவு சாதாரண மீட்டரில் தெரியவும் செய்யாது. பொருத்தமான வேறொரு அடாப்டரை இரண்டு நாள் மாட்டிப் பார்ப்பதே நம்பகமான சோதனை. (அடாப்டரைப் பிரித்துப் பார்க்கும் ஆசை வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கலாம்.)

பொருத்தமானது எது? பழைய அடாப்டரின் லேபிளில் 'அவுட்புட் 12 வோல்ட், 1 ஆம்பியர், டிசி' என்று இருந்தால், புதியதிலும் 12 வோல்ட் டிசியே இருக்க வேண்டும். 9 வோல்ட் போதாது. 19 வோல்ட் லேப்டாப் சார்ஜர் ரூட்டரைப் பொசுக்கிவிடலாம். ஆம்பியர் மட்டும் கூடுதலாக இருக்கலாம். 2 ஆம்பியர் அடாப்டரை மாட்டினாலும் ரூட்டர் தனக்கு வேண்டியதைத்தான் எடுத்துக்கொள்ளும்.

பலரும் கவனிக்காதது துருவம். லேபிளில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி ஒரு வளைவு, இருபுறமும் கூட்டல், கழித்தல் குறிகள் இருக்கும். புள்ளியிலிருந்து போகும் கோடு கூட்டல் குறியைத் தொட்டால் பின்னின் உட்பகுதி பாசிட்டிவ். பெரும்பாலான ரூட்டர்கள் இந்த வகைதான், இருந்தாலும் ரூட்டரின் அடியில் உள்ள படத்தோடு ஒப்பிட்டுவிடுவது நல்லது. படம் அழிந்திருந்தால் மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையைப் பின்னின் உள்ளேயும் கறுப்பை வெளிப்புறத்திலும் தொட வேண்டும். கழித்தல் குறி வந்தால் துருவம் தலைகீழ்.

கடைசியாகப் பின்னின் அளவு. வெளிவிட்டம் 5.5 மில்லிமீட்டராக ஒன்றாகவே இருந்தாலும் உள்துளை 2.1, 2.5 என இரு வகை உண்டு. 2.1 கேட்கும் ரூட்டரில் 2.5 துளைப் பின்னும் ஏறிவிடும், ஆனால் தளர்வாக நிற்கும். வயரை லேசாக அசைத்தாலே ரூட்டர் அணைந்து எழும். புது அடாப்டரும் கெட்டுவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்களில் சிலர் வாங்கியிருப்பது இந்தப் பின்னைத்தான்.